டேங்கர் லோடு இறக்கும்போது எர்த் கிளாம்ப்: ஏன் முதலில் மாட்டி, கடைசியில் கழற்ற வேண்டும்

பங்க்கில் புதிதாகச் சேர்ந்தவருக்கு வண்டிக்கு பெட்ரோல் போடக் கற்றுக்கொடுக்க இரண்டு நாள் போதும். டேங்கர் லாரி வந்து லோடு இறக்கும் அரை மணி நேரம் அப்படியில்லை. பெரும்பாலான இடங்களில் "அந்த ஒயரை மாட்டு, ஹோஸைப் பிடி" என்று சொல்லிக் கொடுப்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. லாரியைத் தரையோடு இணைக்கும் அந்த எர்த் ஒயர் எதற்கு, அதன் நுனியில் இருக்கும் கிளாம்ப்பை எங்கே மாட்ட வேண்டும், எப்போது மாட்டினால் பலன் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. கிருஷ்ணகிரி பக்கம் நெடுஞ்சாலையோர பங்க்குகளில் பல வருஷம் சூப்பர்வைசராக நின்ற அனுபவத்தில், புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் உட்கார வைத்துப் பேசுவது இதைத்தான்.

முதலில், எதற்குப் பயப்படுகிறோம் என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் ஆவி காற்றோடு சரியான அளவில் கலந்திருக்கும்போது அதைப் பற்ற வைக்க ஏறக்குறைய கால் மில்லிஜூல் சக்தி இருந்தால் போதும். காற்றில் 100 பங்குக்கு ஒன்றரை முதல் ஏழரை பங்கு வரை ஆவி இருந்தால் அதுதான் அந்தச் "சரியான அளவு". கால் மில்லிஜூல் எவ்வளவு சின்னது என்பதை உங்கள் உடம்பை வைத்தே சொல்லலாம். பாலியஸ்டர் சட்டை போட்டு, ரெக்ஸின் சீட்டிலிருந்து இறங்கிக் கார் கதவைத் தொட்டதும் சுளீர் என்று அடிக்கும் அல்லவா? அதுதான் நிலை மின்சாரம், அந்த நேரத்தில் உடம்பில் பல ஆயிரம் வோல்ட் இருக்கும். 5,000 வோல்ட் என்று வைத்தால், அந்தப் பொறியில் ஏறக்குறைய 2 மில்லிஜூல் வெளியாகிறது. தேவைப்படுவதைப் போல ஏழெட்டு மடங்கு. இன்னும் கவனிக்க வேண்டியது, நமக்கு அடிப்பது தெரிவதற்கே 2,000, 3,000 வோல்ட் வேண்டும். 2,000 வோல்ட்டில் வரும் பொறியில்கூட கால் மில்லிஜூலுக்குக் கொஞ்சம் அதிகமாக இருக்கும். அதாவது உங்கள் விரலுக்கே தெரியாத ஒரு பொறி பெட்ரோல் ஆவிக்குப் போதுமானது. "எனக்கு ஷாக் எதுவும் அடிக்கலையே" என்பது இங்கே ஒரு பதிலே இல்லை.

இது மனித உடம்புக்கான கணக்கு. லாரி அளவில் பெரியது, அதனால் அதே வோல்ட்டேஜில் உடம்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னூட்டத்தை, அதாவது சார்ஜைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். 10,000 வோல்ட் ஏறிய டேங்கர் உடம்பில் 50 மில்லிஜூல் வரை இருக்கலாம்.

சார்ஜ் எங்கிருந்து வருகிறது

பெட்ரோலும் டீசலும் மின்சாரத்தை மிக மிகக் குறைவாகக் கடத்தும் திரவங்கள். அவை குழாயிலோ ஹோஸிலோ ஓடும்போது, உட்சுவரோடு உராயும் இடத்தில் ஒரு வகை மின்னூட்டம் சுவரில் தங்கிவிடும், எதிர்வகை திரவத்தோடு போய்விடும். ஃபில்டர் வழியாகப் போனால் இது இன்னும் பல மடங்கு. மேலிருந்து தெறித்து விழுந்தாலும், அடியில் கிடக்கும் தண்ணீரைக் கலக்கிவிட்டாலும் அதிகமாகும். லோடு இறங்கும்போது திரவம் ஒரு மின்னூட்டத்தை எடுத்துக்கொண்டு தரைக்கடி டேங்க்குக்குப் போகிறது, அதற்கு எதிரானது லாரியில் மிஞ்சுகிறது. ஆகவே சார்ஜ் இரண்டு இடத்தில் இருக்கிறது: திரவத்துக்குள்ளே, லாரியின் இரும்பில். மூன்றாவது இடம் நீங்கள். இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எர்த் ஒயர் இரண்டாவதுக்கு மட்டும்தான் முழு மருந்து. புதியவர்கள் பலரும் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள், ஒயரை மாட்டிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று.

லாரி ரப்பர் டயரில் நிற்கிறது. டயரில் கார்பன் இருப்பதால் கொஞ்சம் கடத்தும்தான், ஆனால் காய்ந்த தரையில் அதை நம்ப முடியாது. ஓடும் திரவம் ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுக்கு லாரியில் மின்னூட்டத்தை விட்டுவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். டயர் வழியாகத் தரைக்குப் போகும் தடை 1,000 கோடி ஓம் என்றால், லாரி 10,000 வோல்ட் வரை ஏறும். அதே லாரிக்கு ஒரு ஒயர் மாட்டி, அந்த வழியின் தடை 10 லட்சம் ஓம் என்றால்கூட, லாரியில் நிற்பது 1 வோல்ட்தான். 10 லட்சம் ஓம் என்பது கரண்ட் வேலை பார்ப்பவர்களுக்கு மிக மோசமான இணைப்பு. நிலை மின்சாரத்துக்கு அதுவே போதும்.

அப்படியானால் பங்க்கில் ஏன் 10 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறார்கள்? நல்ல கேள்வி, ஒரு பையன் என்னிடம் கேட்டது. இரும்பும் இரும்பும் செம்பு ஒயரால் இணைந்திருந்தால் இயல்பாகவே ஒன்றிரண்டு ஓம்தான் காட்ட வேண்டும். அது நூறு, ஆயிரம் என்று காட்டினால் எங்கேயோ துரு, தளர்ந்த போல்ட், உள்ளே அறுந்த ஒயர் இருக்கிறது என்று அர்த்தம். இன்று ஆயிரம் ஓம் காட்டும் அந்த இணைப்பு நாளை முழுவதும் விட்டுப்போகும். 10 ஓம் என்பது இணைப்பு நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கான அளவு.

ஒரு லோடு, ஆரம்பத்திலிருந்து

12 கேஎல் லாரி, மூன்று சேம்பர், ஒவ்வொன்றிலும் 4,000 லிட்டர். முதல் இரண்டில் பெட்ரோல், மூன்றாவதில் டீசல். காலை பதினொன்றே கால். மார்ச் மாத வெயில், காற்று காய்ந்திருக்கிறது.

லாரி இறக்கும் இடத்தில், முகப்பு வெளியேறும் பக்கம் பார்த்து நிற்கட்டும். ஏதாவது ஆனால் ரிவர்ஸ் எடுக்காமல் நேராக ஓட்டிப் போக வேண்டும். இன்ஜின் ஆஃப், ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்குக் கட்டை, பேட்டரி மாஸ்டர் சுவிட்ச் ஆஃப். இரண்டு பொடி தீயணைப்பான்கள் கைக்கெட்டும் தூரத்தில், காற்று வரும் பக்கமாக. சுற்றிலும் கயிறு கட்டி ஆட்கள் உள்ளே வராமல் தடுங்கள். இதெல்லாம் எல்லா பங்க்கிலும் போர்டில் எழுதியிருக்கும், நான் நீட்டவில்லை.

இப்போது எர்த் கிளாம்ப். வேறு எதையும் தொடும் முன்பு இதுதான். மேன்ஹோல் மூடியைத் திறக்கும் முன்பு, ஹோஸை மாட்டும் முன்பு, தரைக்கடி டேங்க்கின் ஃபில் பாயின்ட் மூடியைக் கழற்றும் முன்பு. காரணம் எளிது. ரோட்டில் குலுங்கி வந்த லாரியில் ஏற்கெனவே சார்ஜ் இருக்கலாம். கிளாம்ப் தொடும் அந்தக் கணத்தில் அது தரைக்குப் பாயும், ஒரு சின்னப் பொறி வரலாம். எல்லா மூடியும் மூடியிருக்கும்போது அந்தப் பொறி வந்தால் வந்துவிட்டுப் போகட்டும், அங்கே ஆவி இல்லை. எல்லாம் திறந்த பிறகு, "அய்யோ ஒயரை மறந்துட்டோம்" என்று ஓடி வந்து மாட்டினால், நாமே கையில் பொறியை எடுத்துக்கொண்டு ஆவிக்குப் போகிறோம். மறந்துவிட்டீர்கள் என்றால், முதலில் வால்வை மூடுங்கள், எல்லா மூடியையும் மூடுங்கள், ஆவி கலையக் கொஞ்சம் விடுங்கள், அப்புறம் மாட்டுங்கள்.

எங்கே மாட்டுவது? நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பங்க்கில் கிளாம்ப்பைத் தினமும் பின் பம்பரில் மாட்டுவார்கள். கிளாம்ப் கச்சிதமாகக் கவ்வும், ஒயர் கீழே தொங்கும், பார்க்க எல்லாம் சரி. ஒரு நாள் காலி லாரி ஒன்று வெளியே தள்ளி நின்றபோது, மீட்டரை எடுத்து கிளாம்ப்பின் பல்லுக்கும் டேங்க்கின் வெறும் உலோகத்துக்கும் நடுவே பார்த்தேன். முள் அசையவே இல்லை. பம்பர் முழுக்க இரண்டு மூன்று கோட் பெயின்ட், அதன் மேல் டீசலும் புழுதியும் சேர்ந்த பிசுக்கு. கிளாம்ப்பின் பல் மழுங்கிப் போயிருந்தது, பெயின்ட்டைக் கீறிக்கொண்டு உள்ளே போகவே இல்லை. அத்தனை மாதமும் அந்த லாரிகள் எர்த் இல்லாமல்தான் இறக்கியிருக்கின்றன. அன்றிலிருந்து என் கண் முதலில் போவது கிளாம்ப்பின் பல்லுக்குத்தான்.

டேங்கரில் இதற்கென்றே டேங்க் உடம்போடு பற்றவைத்த வெறும் பித்தளை அல்லது செம்புக் கட்டை ஒன்று இருக்கும். அதில்தான் மாட்ட வேண்டும். அது பெயின்ட்டில் மறைந்திருந்தால் டிரைவரிடம் சொல்லிச் சுரண்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு கிளாம்ப்பை இரண்டு முறை இடவலமாகத் திருப்புங்கள், பல் உலோகத்தில் கீறுவது கைக்குத் தெரியும். சரசரவென்று வழுக்கினால் அது பெயின்ட். மட்கார்டு, ஏணியின் பெயின்ட் அடித்த கம்பி, நம்பர் பிளேட், சேஸிஸில் தொங்கும் கொக்கி எதுவும் வேண்டாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மல்டிமீட்டரை லோடு இறங்கும்போது எடுத்துக்கொண்டு அங்கே போகாதீர்கள். அதுவே பொறி தரக்கூடிய கருவி. சோதனையெல்லாம் லாரி வராத நேரத்தில்.

காத்திருப்பது வேலைதான்

கிளாம்ப் மாட்டியாயிற்று. டிரைவர் ஏணியில் ஏறி மூடியைத் திறந்து, ராடை இறக்கி அளவு பார்க்கும் டிப் வேலையை முடிக்கத் துடிப்பார். அவருக்கு அடுத்த ட்ரிப் இருக்கிறது. நிறுத்துங்கள்.

லாரியின் இரும்பு ஒரு நொடியில் சமமாகிவிட்டது. ஆனால் சேம்பருக்குள் குலுங்கி வந்த திரவத்தில் இருக்கும் மின்னூட்டம் சுவர்வரை நகர்ந்து போய்த்தான் எர்த்துக்கு இறங்க வேண்டும். கடத்தாத திரவத்தில் அது மெதுவாகத்தான் நகரும். மிகச் சுத்தமான, மோசமாகக் கடத்தும் டீசலில் மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறையவே 18 வினாடி ஆகலாம். அதைப் போல ஐந்து மடங்கு, அதாவது ஒன்றரை நிமிஷம் விட்டால் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதற்கு முன்பு மூடியைத் திறந்து உலோக டிப் ராடை இறக்கினால், ராடின் நுனி திரவத்தை நெருங்கும் இடத்தில் பொறி பாயலாம், அதுவும் ஆவிக்கு நடுவில். எர்த் ஒயர் மாட்டியிருந்தாலும் இது நடக்கும். ஒயர் திரவத்தின் மேல்பரப்பைத் தொடவில்லை அல்லவா.

பங்க்கில் பொதுவாகப் பத்து நிமிஷம் நிற்க வைப்பது வழக்கம். அந்தப் பத்து நிமிஷம் தண்ணீரும் தூசும் அடியில் தங்குவதற்கும் சேர்த்துத்தான், அதனால் குறைக்க வேண்டாம். அந்த நேரத்தில் செய்ய வேலை இருக்கிறது: இன்வாய்ஸ், சீல் நம்பர், தரைக்கடி டேங்க்கில் காலி இடம் எவ்வளவு என்று கணக்கு. நம் டேங்க் 20 கேஎல், அதில் ஏற்கெனவே 9,400 லிட்டர் பெட்ரோல் இருக்கிறது. 8,000 இறங்கினால் 17,400. சரி, இடம் இருக்கிறது. அந்த டேங்க்கிலிருந்து போகும் நாசில்களை நிறுத்திவிடுங்கள்.

மேலே ஏறுபவர் வெறும் கையால் ஏணியின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும், கையுறை வேண்டாம். மூடியைத் திறக்கும் முன்பு, மூடியிலிருந்து தள்ளி ஒரு பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொட்டுக்கொள்ளட்டும். மேலே நின்றுகொண்டு ஸ்வெட்டரையோ ரெயின்கோட்டையோ கழற்றக் கூடாது. கழற்றும் அந்த உராய்வில்தான் உடம்பில் சார்ஜ் ஏறுகிறது. வேலைக்குப் பருத்தித் துணியில் யூனிஃபார்ம். ரப்பர் செருப்பு காய்ந்த நாளில் உங்களைத் தரையிலிருந்து பிரித்துவிடும். நிலை மின்சாரத்தைக் கடத்தும் ஷூ என்று தனியாகக் கிடைக்கிறது, அதன் தடை ஒரு லட்சம் ஓமிலிருந்து 100 கோடி ஓமுக்குள் இருக்கும். இறக்கும் இடத்தில் நிற்பவர்களுக்கு அதை வாங்கித் தரச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள், இது ஆடம்பரம் இல்லை.

டென்சிட்டி பார்க்க சாம்பிள் எடுக்கும் வாளி

இந்த இடத்தில் பலர் கோட்டை விடுகிறார்கள். லாரியின் வால்விலிருந்து சாம்பிள் பிடிக்க, கைக்குக் கிடைத்த பிளாஸ்டிக் வாளியைக் கொண்டுவருவார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் விழும் பெட்ரோல் மின்னூட்டத்தோடு விழுகிறது. அது வெளியேற வழியே இல்லை. அந்த வாளிக்கு ஒரு இரும்புக் கைப்பிடி இருக்கும், பாருங்கள். பிளாஸ்டிக்கால் தனிமைப்பட்ட ஒரு இரும்புக் கம்பி. சார்ஜ் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் தூக்கப் போகும்போது கம்பிக்கும் உங்கள் விரலுக்கும் நடுவில் பொறி, கீழே அரை வாளி பெட்ரோல். பிளாஸ்டிக் பொருளை விட அதில் ஒட்டியிருக்கும் உலோகத் துண்டுதான் ஆபத்து.

அலுமினிய வாளி வையுங்கள். அதையும் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேலிருந்து ஊற்ற விடாமல், வால்வின் உலோகத்தை வாளியின் விளிம்பு தொட்டுக்கொண்டிருக்க, மெதுவாகத் திறந்து பிடியுங்கள். வாளியையும் வால்வையும் இணைக்கும் ஒரு சின்ன ஒயர் இருந்தால் இன்னும் நல்லது. லாரி எர்த்தில் இருக்கிறது, வாளி லாரியோடு இருக்கிறது, இரண்டும் ஒரே வோல்ட்டேஜ். ஒரே வோல்ட்டேஜில் இருக்கும் இரண்டு பொருளுக்கு நடுவே பொறி வராது. தெர்மாமீட்டரையோ சாம்பிள் டின்னையோ சேம்பருக்குள் இறக்க நைலான் கயிறு வேண்டாம், பருத்திக் கயிறு.

வண்டிக்காரர் கேனில் பெட்ரோல் கேட்கும்போதும் இதே கதைதான். அமெரிக்காவில் 1998-ல் அங்குள்ள தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. பிக்கப் வண்டியின் பின்பக்கம் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கேனை வைத்தபடியே பெட்ரோல் பிடித்தபோது தீப்பிடித்த சம்பவங்களைப் பற்றியது. கேன் உலோகமாகவே இருந்தாலும், பிளாஸ்டிக் மேல் இருந்தால் எர்த் கிடைக்காது. ஆகவே விதிப்படி தரக்கூடிய கேனாக இருந்தாலும் அது தரையில் இருக்க வேண்டும், நாசில் விளிம்பைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஹோஸ், வேகம்

ஹோஸ் ரப்பர்தானே என்று நினைக்காதீர்கள். அதன் உள்ளே சுருளாக ஒரு உலோகக் கம்பி ஓடுகிறது, இரண்டு முனையின் கப்ளிங்கையும் அதுதான் இணைக்கிறது. மடித்து மடித்து, லாரி சக்கரம் ஏறி, அந்தக் கம்பி உள்ளே அறுந்துவிட்டால் வெளியே தெரியாது. ஒரு முனைக் கப்ளிங் எர்த் இல்லாத தனி இரும்பாகிவிடும், அதைத்தான் நீங்கள் ஃபில் பாயின்ட்டுக்கு அருகில் கையில் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். மாதம் ஒரு முறையாவது, காய்ந்த, காலி ஹோஸின் இரு முனைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். பார்க்கும்போது ஹோஸை வளைத்து ஆட்டுங்கள். அறுந்த கம்பி நேராகக் கிடக்கும்போது தொட்டுக்கொண்டு நல்ல ரீடிங் காட்டும், வளைத்தால் விட்டுவிடும்.

ஃபில் பாயின்ட்டிலிருந்து கீழே போகும் குழாய் டேங்க்கின் அடியை ஒட்டி, அடித்தகட்டிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் முடிய வேண்டும். அதன் வாய் எப்போதும் திரவத்துக்குள் மூழ்கியிருந்தால் பெட்ரோல் தெறிக்காமல் அமைதியாகச் சேரும். நம் டேங்க்கில் 9,400 லிட்டர் இருக்கிறது, ஆகவே வாய் மூழ்கித்தான் இருக்கிறது. வால்வைச் சாதாரணமாகத் திறக்கலாம். மூன்று அங்குல ஹோஸில் 4,000 லிட்டர் எட்டு நிமிஷத்தில் இறங்கினால், உள்ளே வேகம் வினாடிக்கு இரண்டு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. பொதுவாக ஏற்கப்படும் உச்ச வரம்பு வினாடிக்கு 7 மீட்டர். ஆக, சரிவில் தானாக இறங்கும் லோடில் வேகம் பற்றிக் கவலை இல்லை.

ஆனால் டேங்க்கைச் சுத்தம் செய்து முடித்த பிறகு வரும் முதல் லோடு வேறு. அடியில் எதுவும் இல்லை, குழாய் வாய் காற்றில் இருக்கிறது, உள்ளே காற்றும் ஆவியும் கலந்து சரியாகப் பற்றும் அளவுக்கு வரும். அந்த லோடில் குழாய் வாய் நன்றாக மூழ்கும்வரை வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது. மூன்று அங்குல ஹோஸில் அது நிமிஷத்துக்கு சுமார் 270 லிட்டர். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து, நேரம் பார்த்து, மெதுவாக. அன்று அவசரப்படுத்துகிறவர் யாராக இருந்தாலும், அவரை அலுவலகத்தில் உட்கார வைத்து டீ கொடுங்கள்.

"டீசல்தானே" என்பவர்களுக்கு

மூன்றாவது சேம்பருக்கு வந்ததும் எல்லோரும் தளர்ந்துவிடுவார்கள். டீசல் லேசில் பற்றாது என்பது ஓரளவு உண்மை. ஆனால் இந்தியாவில் டீசலின் ஃபிளாஷ் பாயின்ட், அதாவது பற்றும் அளவுக்கு ஆவி வரத் தொடங்கும் சூடு, குறைந்தபட்சம் 35 டிகிரி இருந்தால் போதும் என்பதே தர விதி. ஏப்ரல் மத்தியான வெயிலில் நின்ற டேங்கரின் தகடு எவ்வளவு சூடாக இருக்கும் என்று தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது, நேற்று அதே சேம்பரில் பெட்ரோல் வந்திருக்கலாம். பெட்ரோல் நிறைந்த சேம்பரில் ஆவி மிகவும் கெட்டியாக இருக்கும், காற்று போதாததால் பற்றாது. அதில் டீசல் ஏற்றும்போது டீசல் அந்த ஆவியைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிக்கொள்ளும். ஆவி மெலிந்து, சரியாகப் பற்றும் அளவுக்கு இறங்கி வரும். லாரிக்கு லோடு ஏற்றும் டெர்மினலில் பெட்ரோல் சேம்பரில் டீசல் ஏற்றுவதை அபாயகரமான வேலையாக நடத்துவது இதனால்தான். பங்க்குக்கு வரும்போதும் அந்த ஆவி மிச்சம் இருக்கலாம்.

மூன்றாவது, 2020 ஏப்ரலில் இருந்து வரும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் 10 பிபிஎம் மட்டுமே. கந்தகத்தை எடுக்கும்போது, டீசலுக்குக் கொஞ்சம் கடத்தும் தன்மையைக் கொடுத்த வேறு சில பொருட்களும் சேர்ந்து போய்விடுகின்றன. சுற்றுச்சூழலுக்கு நல்லது, ஆனால் திரவத்தில் சார்ஜ் தங்கும் நேரம் கூடுகிறது. பெட்ரோலில் இதற்கு நேர் எதிர் நடந்திருக்கிறது: இப்போது 20 சதவீதம் எத்தனால் கலப்பதால் அது முன்பைவிட நன்றாகக் கடத்துகிறது, திரவத்தில் இருக்கும் மின்னூட்டம் வேகமாக வெளியேறுகிறது. ஆனால் எத்தனால் லாரியின் டயரையோ உங்கள் செருப்பையோ மாற்றிவிடவில்லை. லாரிக்கும் ஆளுக்கும் எர்த் வேண்டியது அப்படியே இருக்கிறது. கிளாம்ப், காத்திருப்பு, உலோக வாளி எல்லாம் டீசலுக்கும் அதே ஒழுங்கில்.

இடி மின்னல் தெரிந்தால், எந்த எரிபொருளாக இருந்தாலும் வால்வை மூடிவிட்டு நிறுத்துங்கள்.

நாசில் பக்கம் ஒரு வார்த்தை

வண்டிகளுக்குப் போடும் இடத்திலும் அதே கணக்குதான். நாசில் முதலில் டேங்க்கின் வாயைத் தொட வேண்டும், போட்டு முடியும்வரை தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அமெரிக்காவில் பெட்ரோலியம் உபகரண நிறுவனங்களின் சங்கம் ஒன்று பெட்ரோல் போடும்போது நிலை மின்சாரத்தால் நடந்த தீ விபத்துகளைப் பல வருஷம் திரட்டியது. அதில் கிட்டத்தட்டப் பாதியில், நாசிலை மாட்டிவிட்டுக் காருக்குள் போய் உட்கார்ந்து, திரும்பி வந்து நாசிலைத் தொட்டவர்கள் சிக்கியிருந்தார்கள். நம் ஊரில் நாமே போட்டுவிடுவதால் இது குறைவு. ஆனாலும் பின்சீட்டில் இருந்து இறங்கி வந்து நாசிலைப் பிடிக்க முன்வரும் வாடிக்கையாளரைத் தடுங்கள். செல்ஃபோனால் தீப்பிடித்ததாக அந்தத் திரட்டில் உறுதியான ஒரு சம்பவம்கூட இல்லை. ஃபோன் தடை இருக்கட்டும், கவனம் சிதறாமல் இருக்க அது உதவும். ஆனால் ஃபோனை மட்டும் பார்த்துக்கொண்டு, பாலியஸ்டர் சட்டையோடு சீட்டில் உரசி இறங்குபவரை விட்டுவிடாதீர்கள்.

நாசில் இருக்கும் டேங்க் வாயில் தீ பிடித்துவிட்டால், நாசிலை வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் பெட்ரோல் சிந்தி வாயில் இருக்கும் சின்னத் தீ தரைக்கும் உங்கள் காலுக்கும் வந்துவிடும். லீவரை விடுங்கள், எமர்ஜென்சி சுவிட்சை அடியுங்கள், ஆளை விலக்குங்கள், அப்புறம் பொடி. லாரியின் மேன்ஹோலில் என்றால் வால்வை மூடுவது, பொடி அடிப்பது, நெருங்க முடிந்தால் மூடியைச் சாய்த்து மூடுவது. தண்ணீர் வேண்டாம்.

கழற்றும் ஒழுங்கு

பதினொன்று ஐம்பத்தைந்து. மூன்று சேம்பரும் காலி. மேலே ஏறி உள்ளே எட்டிப் பார்த்து, காலியாகிவிட்டதை உறுதி செய்யும் வரை எதுவும் கழற்றக் கூடாது. அப்புறம் லாரி வால்வை மூடி, ஹோஸை லாரிப் பக்கம் முதலில் கழற்றி, மிச்சத்தை டேங்க்குக்குள் வடியவிட்டு, ஃபில் பாயின்ட் பக்கம் கழற்றுங்கள். ஃபில் பாயின்ட் மூடி, மேன்ஹோல் மூடிகள் எல்லாம் மூடிய பிறகு, கடைசியாகக் கிளாம்ப். மாட்டும்போது சொன்ன அதே காரணம்தான், தலைகீழாக: ஆவி திறந்திருக்கும்வரை லாரியைத் தரையிலிருந்து பிரிக்கக் கூடாது. காலியான சேம்பர் ஆபத்தில்லாதது என்று நினைத்து ஒயரை முன்னதாகவே கழற்றுகிறார்கள். காற்று உள்ளே போயிருக்கும் காலி சேம்பர்தான் நிறைந்த சேம்பரைவிட எளிதில் பற்றும்.

தரைக்கடி டேங்க்கின் டிப்பை உடனே பார்க்காதீர்கள். இறங்கிய பெட்ரோல் அடியில் இருந்த தண்ணீரைக் கலக்கியிருந்தால், துளிகள் கீழே தங்கும்போதும் சார்ஜ் உண்டாகும். பத்து நிமிஷம் விட்டுப் பார்த்தால் ரீடிங்கும் நிலையாக இருக்கும், டிப் ராடும் பாதுகாப்பாக இறங்கும். அடிவரை போகும் டிப் குழாய்க்குள் ராடை இறக்கினால் இந்தப் பயம் இல்லைதான், ஆனால் பழைய டேங்க்குகளில் குழாய் அடிவரை போகிறதா இல்லையா என்று மேலிருந்து தெரியாது, ஆகவே போகவில்லை என்றே வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

லாரி போனதும் ஒயரைத் தரையில் போட்டுவிடாமல் சுருட்டிக் கொக்கியில் மாட்டுங்கள். சக்கரம் ஏறிய ஒயர்தான் உள்ளே அறுகிறது. வாரம் ஒரு நாள், லாரி வராத காலை நேரத்தில், கிளாம்ப்பின் பல்லுக்கும் சுவரில் ஒயர் சேரும் செம்புத் தகட்டுக்கும் நடுவே மீட்டர் வைத்து, ஒயரை நீளமாக இழுத்து, மூன்று நான்கு இடத்தில் வளைத்துப் பாருங்கள். முள் ஒரு ஓமுக்குள் அசையாமல் நிற்க வேண்டும். துடித்தால் ஒயரை மாற்றுங்கள். பல் மழுங்கியிருந்தால் அரத்தால் இரண்டு இழுப்பு போதும், கிளாம்ப் மறுபடி பெயின்ட்டைக் கடிக்க ஆரம்பித்துவிடும்.